தொண்டைக்கரப்பன் கிருமிக்கு நஞ்சு எங்கிருந்து வந்தது?

வணக்கம் டொக்டர்,

என் தம்பிக்குக் காலில் ஒரு புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. முத்தையன்கட்டு வயலில் வரம்பு வெட்டும்போது மண்வெட்டி பட்ட காயம். ஆஸ்பத்திரியில் புண்ணில் பஞ்சுக்குச்சி தொட்டு எடுத்து அனுப்பினார்கள். தொண்டைக்கரப்பன் கிருமி வளர்ந்திருக்கிறது, ஆனால் நஞ்சு சுரக்காத வகை, பயப்பட வேண்டாம் என்று சொல்லிக் குளிசை தந்துவிட்டார்கள். வீட்டில் எனக்கு எட்டு மாதக் குழந்தை இருக்கிறாள்.

அம்மம்மா அந்தப் பெயரைக் கேட்டதும் அழத் தொடங்கிவிட்டா. 1954இல் அவவுடைய அண்ணன் 7 வயதில் அந்த நோயால்தான் செத்தாராம். தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல் வளர்ந்ததாம். பரியாரி விரலில் துணி சுற்றி அதை உரித்தாராம், இரத்தம் கொட்டியதாம், அடுத்த நாளே திரும்ப வளர்ந்ததாம். பிறகு தோல் தானாகவே கழன்று, கதைத்துச் சிரித்து இருந்தாராம். கஞ்சி மட்டும் மூக்கால் வந்ததாம். பதினான்காம் நாள் அம்மம்மா "ஐயாவின்ர வண்டில் வருது" என்று கூப்பிட, எழும்பி வாசலுக்கு ஓடியவர் படியிலேயே விழுந்து போய்விட்டாராம். தான் கூப்பிட்டதால்தான் என்று இன்றைக்கும் சொல்லுவா.

ஒரே கிருமி ஒருவரைக் கொன்றது, இன்னொருவரில் சும்மா இருக்கிறது, எப்படி? அந்தத் தோல் என்ன? தம்பியின் கிருமி நாளைக்கு நஞ்சு பழகாதா?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

முதலில் குழந்தையின் விஷயத்தை முடித்துவிடுவோம். அவளுடைய சுகாதாரப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். 2, 4, 6 மாதங்களில் போடும் ஐங்கூட்டு ஊசிக்குள் தொண்டைக்கரப்பனுக்கான, அதாவது டிப்தீரியாவுக்கான, மருந்தும் இருக்கிறது. மூன்றும் போட்ட அடையாளம் இருந்தால் சரி. ஒன்று தவறியிருந்தாலும் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். தம்பியின் புண் மூடிக் கட்டியபடி இருக்கட்டும், புண்ணைத் தொட்ட கையோடு யாரும் குழந்தையைத் தூக்க வேண்டாம். தந்த குளிசையை, புண் காய்ந்ததுபோலத் தெரிந்தாலும், அவர் கடைசி வரைக்கும் போட்டு முடிக்க வேண்டும். வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

இனி உங்கள் கேள்வி. இந்தக் கிருமியை முதன்முதலில் தனியாகப் பிரித்து வளர்த்த ஜெர்மானியர் ஃபிரீட்ரிக் லொஃப்லரையும் இதே கேள்விதான் குழப்பியது. 1884இல் அவர் இரண்டு விஷயங்களை மறைக்காமல் எழுதி வைத்தார். ஒன்று, நோயால் இறந்த உடல்களில் கிருமி தொண்டையில் மட்டும்தான் இருந்தது. கெட்டுப்போயிருந்த உள்ளுறுப்புகளில் தேடினால் ஒரு கிருமியும் இல்லை. மற்றது, நோயே இல்லாத ஒரு பிள்ளையின் தொண்டையிலும் அதே கிருமி இருந்தது. முதலாவதற்கு விடை 1888இல் பாரிசில் கிடைத்தது. ரூ, யெர்சின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கிருமி வளர்ந்த திரவத்தைக் கிருமி ஒன்றுகூடப் போக முடியாத வடியில் வடித்து, அந்தத் தெளிந்த நீரை விலங்குகளுக்கு ஏற்றினார்கள். அவை நோய் வந்தவைபோலவே செத்தன. கிருமி தொண்டையில் இருந்தபடியே நஞ்சைக் கக்குகிறது, அந்த நஞ்சு குருதியோடு உடம்பெங்கும் போகிறது என்பது அப்போது தெளிவாயிற்று.

ஒரே வடிவம், ஒரே நிறம், ஒரே பெயர் கொண்ட கிருமிகளில் சில மட்டும் ஏன் நஞ்சு சுரக்கின்றன என்பதற்கு இன்னும் அறுபது வருடங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1951இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் விக்டர் ஃபிரீமன் என்பவர் நஞ்சு சுரக்காத கிருமிகளை எடுத்து, பற்றீரியாவைத் தொற்றும் ஒருவகை வைரசை அவற்றோடு சேர்த்தார். எங்களுக்குச் சளிக்காய்ச்சல் வைரசு வருவதுபோலப் பற்றீரியாக்களுக்கும் வைரசு உண்டு. அதைப் பேஜ் என்பார்கள். பெரும்பாலான கிருமிகள் வெடித்துச் செத்தன. தப்பிப் பிழைத்தவற்றை வளர்த்துப் பார்த்தால் அவை நஞ்சு சுரந்தன. அதுவரை சாதுவாக இருந்த கிருமி, வைரசு வந்து தங்கிய பிறகு கொல்லும் கிருமியாகிவிட்டது.

இதை நம்ப மறுத்தவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. நஞ்சு எப்போதும் கிருமிக்குள்ளேயே இருந்திருக்கலாம், வைரசு அதைத் தட்டி எழுப்பியது மட்டும்தானே என்று கேட்டார்கள். அதற்கு 1971இல் உச்சிடா, கில், பப்பன்ஹைமர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் பதில் கொடுத்தார்கள். வைரசில் மட்டும் சிறு மாற்றங்களை உண்டாக்கி அதைப் பழைய கிருமிக்குள் அனுப்பினால், கிருமி சுரக்கும் நஞ்சும் மாறியது. சிலவேளை அரைகுறைப் புரதமாக வந்தது. சமையல்காரர் அதே ஆள், குறிப்பை மாற்றினால் கறி மாறுகிறது என்றால், குறிப்பு யாரிடம் இருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. நஞ்சுக்கான பரம்பரையலகு, அதாவது ஜீன், வைரசினுடையது.

வைரசு எப்படிக் கிருமிக்குள் தங்குகிறது என்பதற்குக் காணி உறுதியை நினைத்துக்கொள்ளுங்கள். கிருமியின் பரம்பரைச் செய்தி முழுவதையும் எழுதினால் ஏறத்தாழ 25 லட்சம் எழுத்து கொண்ட ஒரு நீண்ட உறுதி. வைரசு தன்னுடைய ஏறத்தாழ 35 ஆயிரம் எழுத்தை அதன் நடுவில், தனக்குப் பொருந்துகிற ஒரு குறிப்பிட்ட இடத்தில், வெட்டிச் செருகிவிடுகிறது. அப்புறம் கிருமி இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும், நொத்தாரிசு உறுதியைப் பிரதி எடுப்பதுபோல, செருகிய பகுதியும் சேர்ந்தே பிரதியாகிறது. பிள்ளைக்கும் போகிறது, பேரனுக்கும் போகிறது. அந்த 35 ஆயிரத்தில் நஞ்சை எழுதும் பகுதி 1,700 எழுத்துகூட வராது. வைரசு துண்டின் ஒரு ஓரத்தில், ஒட்டுப்போட்ட தையலுக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. முன்னொரு காலத்தில் வேறெங்கோ ஒரு பற்றீரியாவிலிருந்து வைரசு கழன்று வரும்போது பக்கத்துத் துண்டையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம் என்று கருதுவதற்கு அந்த இடமே காரணம்.

உங்கள் தம்பியின் புண்ணில் உள்ள கிருமியின் உறுதியில் அந்தச் செருகல் இல்லை. அம்மம்மாவின் அண்ணனுடைய தொண்டையில் இருந்த கிருமியில் அது இருந்தது. வேறுபாடு அவ்வளவுதான்.

இதில் எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நஞ்சு வைரசுடையது என்றாலும் அதன் ஆளி கிருமியின் கையில் இருக்கிறது. கிருமி தன்னுடைய சொந்தப் புரதம் ஒன்றை நஞ்சுப் பரம்பரையலகின் வாசலில் பூட்டுப்போல வைத்திருக்கிறது. அந்தப் பூட்டு இரும்புச்சத்து கிடைக்கும்வரைதான் பூட்டியிருக்கும். இரும்பு குறைந்தால் பூட்டு கழன்று விழுந்து நஞ்சு உற்பத்தி தொடங்குகிறது. எங்கள் தொண்டையின் ஈரப்பரப்பில் கிருமி எடுக்கக்கூடிய இரும்பு மிகமிகக் குறைவு, ஏனென்றால் உடம்பு தன் இரும்பை எல்லாம் புரதங்களில் கட்டி வைத்திருக்கிறது. ஆகவே தொண்டையில் குடியேறிய கிருமிக்குப் பூட்டுத் திறந்தே கிடக்கிறது. இரும்புப் பசியில் நஞ்சைக் கக்கி, சாகிற எங்கள் கலங்களிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். இந்த இரும்பு விஷயத்தை மறக்காமல் வைத்திருங்கள், தம்பியின் அறிக்கையைப் பற்றிச் சொல்லும்போது திரும்ப வரும்.

இப்போது தோல். அம்மம்மா சொன்ன நாட்கணக்கு இந்த நோய்க்கு அப்படியே பொருந்துகிறது. ஆகவே அந்தப் பையனின் தொண்டையிலேயே நின்று பார்ப்போம்.

கிருமி வந்து இரண்டு தொடக்கம் ஐந்து நாட்களில் தொண்டை நோ தொடங்குகிறது. காய்ச்சல் பெரிதாக இராது. கிருமி மேற்பரப்பில்தான் இருக்கிறது, தசைக்குள் துளைத்துப் போவதில்லை. ஆனால் நஞ்சு போகிறது. நஞ்சு இரண்டு பகுதி கொண்ட ஒரு புரதம். ஒரு பகுதி எங்கள் கலத்தின் வெளிச்சுவரில் உள்ள ஒரு புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. கலம் அதை ஏதோ உணவுபோல உள்ளே விழுங்குகிறது. உள்ளே போனதும் மற்றப் பகுதி கழன்று வேலையைத் தொடங்குகிறது. கலத்துக்குள் புரதம் கட்டும் பட்டறைகள் ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றை ஒவ்வொரு படியாக நகர்த்தி விடும் ஒரு துணைப்புரதத்தின்மேல் இந்த நஞ்சு ஒரு கட்டியை ஒட்டிவிடுகிறது. சைக்கிள் சங்கிலியில் கல் மாட்டியதுபோல அது அசையாது. நஞ்சு அங்கே நிற்காமல் அடுத்ததுக்குப் போகிறது, பிறகு அடுத்ததுக்கு. தான் செலவாகாமலே ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு போவதால், உள்ளே நுழைந்த ஒரேயொரு மூலக்கூறு ஒரு கலத்தைக் கொல்லப் போதும் என்று 1978இல் காட்டினார்கள். மனிதரைக் கொல்ல உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்கு அளவு போதும். 7 வயதுப் பிள்ளைக்கு அது, மேசை உப்பின் ஒரு பரலை முப்பதாக உடைத்தால் வரும் ஒரு துண்டுக்குச் சமம். வயல் எலிகளின் கலச்சுவரில் உள்ள அந்தப் புரதம் சற்று வேறு வடிவம், நஞ்சால் அதைப் பிடிக்க முடியாது. அதனால் எலி தாங்கிக்கொள்ளும், கினிப்பன்றியும் மனிதரும் தாங்க மாட்டார்கள்.

தொண்டையின் மேற்படைக் கலங்கள் இப்படி இடம் இடமாகச் சாகின்றன. செத்த இடத்துக்குக் கீழே இருக்கும் நுண்குழாய்களில் ஒழுக்கு ஏற்பட்டுக் குருதியின் நீர்ப்பகுதி மேலே கசிகிறது. அந்த நீரில் குருதி உறையப் பயன்படும் நாரும் இருக்கிறது. காயத்தில் பொருக்குக் கட்டுவதுபோல அந்த நார் அங்கேயே உறைந்து வலையாகிறது. செத்த கலங்கள், அவற்றை அள்ளிப்போக வந்து செத்த வெண்கலங்கள், கொஞ்சம் செங்கலங்கள், கிருமிகள் எல்லாம் அந்த வலைக்கண்களில் சிக்கிக்கொள்கின்றன. முதலில் தொண்டையின் இரண்டு பக்கமும் உள்ள ரொன்சில் சதையில் வெள்ளையாக ஒரு மெல்லிய படலம். இரண்டு மூன்று நாட்களில் அது தடித்துச் சாம்பல் நிறமாகி, அண்ணத்துக்கும் உண்ணாக்குக்கும் பரவுகிறது. இரத்தம் கசிந்த இடங்களில் பச்சை கலந்த கருப்பாகும். ஆகவே அம்மம்மா பார்த்தது வளர்ந்து வந்த தோல் அல்ல. அந்தப் பிள்ளையின் சொந்தத் தொண்டைதான் செத்து, அவருடைய சொந்தக் குருதிநாரால் தைக்கப்பட்டு அங்கே கிடந்தது.

உரித்தும் திரும்ப வந்ததற்குக் காரணம் இதிலேயே இருக்கிறது. வரம்பில் அறுகம்புல்லைப் பிடித்து இழுத்திருப்பீர்கள். புல் தனியே வராது, வேரோடு மண்ணும் கட்டியாகப் பெயர்ந்து வரும். தொண்டைப் படலத்தின் நார்வலையும் மேலே ஒட்டிக்கிடப்பதில்லை, செத்த படைக்குள்ளே இறங்கிக் கீழே உயிருள்ள தசைவரை பின்னியிருக்கிறது. இழுத்தால் குருதிக்குழாய் அறுந்து இரத்தம் கொட்டும். வெறுமையான புண்ணில் புதிதாக நீர் கசிந்து, நார் உறைந்து, சுற்றியுள்ள கிருமி இன்னும் நஞ்சு கக்க, அடுத்த நாளே புதுப்படலம். அதோடு, திறந்த புண் வழியாக நஞ்சு குருதிக்குள் போவதும் கூடலாம். அந்தக் காலத்தில் பரியாரி மட்டுமல்ல, பெரிய ஆஸ்பத்திரிகளிலும் உரித்துப் பார்த்தவர்கள் இருந்தார்கள். மூச்சு அடைக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு கை கட்டி நிற்க யாராலும் முடியாது.

படலம் கீழே குரல்வளைக்கும் மூச்சுக்குழாய்க்கும் இறங்கினால் கதை வேறு. அங்கே மேற்படை வேறுவிதமானது, கலங்களுக்குக் கீழே ஒரு உறுதியான மெல்லிய தளம் இருக்கிறது. நார்வலை அதைத் தாண்டி இறங்குவதில்லை. ஆறிய பாலின் ஆடைபோலச் சும்மா படிந்திருக்கும். சிலவேளை மூச்சுக்குழாயின் அச்சு அப்படியே இருமலில் வெளியே வரும். கேட்க நல்லதுபோல இருக்கும், உண்மையில் அதுதான் ஆபத்து. கழன்ற துண்டு குறுகிய வழியில் போய் அடைத்தால் நிமிடங்களில் உயிர் போகும். மூச்சு இழுக்கும்போது கூவுகிற சத்தமும், நெஞ்சுக்குழி உள்ளே குழிவதும் தெரிந்தால் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்க வேண்டியிருக்கும். அந்தப் பையன் இதைத் தாண்டிவிட்டார். படலம் தொண்டையிலேயே நின்று, ஒரு வாரம் சென்று அடியில் புதுத் தசை வரத் தானாகக் கழன்றது.

வீட்டார் ஆறுதலடைந்த அந்த இரண்டாவது வாரத்தில்தான் இந்த நோயின் மறுபாதி தொடங்குகிறது. முதல் நாட்களில் குருதிக்குள் போன நஞ்சு எல்லாக் கலங்களுக்கும் போகிறது, ஆனால் இதயத் தசையிலும் நரம்பின் உறையிலும் ஏற்படும் கேடு மெதுவாகத்தான் வெளியே தெரியும். கஞ்சி மூக்கால் வந்தது என்றீர்களே, மெல்லண்ணத்தின் நரம்பு செயலிழந்ததன் அடையாளம் அது. விழுங்கும்போது மூக்குப் பக்கத்துக் கதவை மூட ஆள் இல்லை. நரம்பில் அது தெரிந்த அதே நாட்களில் இதயத்திலும் தசைநார்கள் அழிந்துகொண்டிருந்திருக்கும். வெளியே சிரிப்பும் கதையும், உள்ளே துடிப்பைக் கடத்தும் வழியே அறுந்துகொண்டிருக்கும்.

நஞ்சுமுறி மருந்து 1890களிலேயே வந்துவிட்டது. குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சைக் கொடுத்து, அதன் குருதியில் உண்டாகும் எதிர்ப்புரதத்தை எடுத்துச் செய்வது. இதற்கு வழிகாட்டிய பெஹ்ரிங்குக்கு 1901இல் மருத்துவத்துக்கான முதலாவது நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த மருந்துக்கு ஒரு எல்லை உண்டு. குருதியில் மிதக்கும் நஞ்சைத்தான் அது பிடிக்கும். கலத்துக்குள் இறங்கிவிட்ட நஞ்சை அதனால் தொட முடியாது. அதனால்தான் இன்றைக்கும் படலத்தைப் பார்த்துச் சந்தேகம் வந்தால் ஆய்வுகூட முடிவுக்குக் காத்திராமல் அன்றைக்கே ஏற்றுகிறோம். தொண்டையில் மட்டும் படலம், வந்து இரண்டு நாளுக்குள் என்றால் 20,000 தொடக்கம் 40,000 அலகு. மூன்று நாளோ அதற்கு மேலோ ஆகி நோய் பரவியிருந்தால், அல்லது கழுத்து வீங்கியிருந்தால் 80,000 அல்லது அதற்கு மேல். பென்சிலின் அல்லது எரித்ரோமைசின் 14 நாள் கொடுப்பது கிருமியைக் கொன்று புது நஞ்சை நிறுத்துவதற்கு. அதுவும் உள்ளே போனதைத் திருப்பி எடுக்காது.

தம்பியின் அறிக்கைக்கு வருவோம். நஞ்சு சுரக்காத வகை என்று எப்படிச் சொன்னார்கள், அதை நம்பலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் பயத்துக்கு அடியில் இருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்தில் இதை நான் பல வருடம் பார்த்திருக்கிறேன், சொல்கிறேன். புண்ணில் தொட்ட பஞ்சை, இந்தக் கிருமியைக் கருமையாக வளரச்செய்யும் ஒரு தட்டில் தேய்ப்போம். அடுத்தடுத்த நாட்களில் சாம்பலும் கருப்புமாகச் சிறு பொட்டுகள் வரும். அவற்றைச் சோதித்துப் பெயரை உறுதிசெய்த பிறகு எலெக் சோதனை. நஞ்சுமுறியில் நனைத்த ஒரு கடதாசிப் பட்டையைத் தட்டின் நடுவே வைத்து, அதற்குக் குறுக்கே கிருமியைக் கோடாக இழுத்து விடுவோம். பட்டையிலிருந்து நஞ்சுமுறி பரவி வரும், கோட்டிலிருந்து நஞ்சு பரவி வரும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு மெல்லிய கீறு விழும், அம்பு முனைபோலச் சாய்ந்து. ஒரு நாள் கழித்தும் இரண்டு நாள் கழித்தும் வெளிச்சத்துக்கு எதிரே தட்டைச் சரித்துப் பார்ப்போம். கீறு இருந்தால் நஞ்சு உண்டு.

கீறு இல்லையென்றால் உடனே நிம்மதி அடைந்துவிட முடியாது. தட்டில் இரும்பு கூடியிருந்தால் நஞ்சுக் கிருமியும் பூட்டைப் போட்டுக்கொண்டு சாதுவாக இருக்கும். முன்பு சொன்ன இரும்பு இதுதான். ஆகவே நஞ்சு சுரக்கும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு கிருமியையும், சுரக்காது என்று தெரிந்த ஒன்றையும் அதே தட்டில் பக்கத்தில் இழுத்திருப்போம். தெரிந்த கிருமி கீறு போட்டு, உங்களுடையது போடாவிட்டால்தான் அந்த முடிவுக்கு மதிப்பு. அதோடு ஒரே புண்ணில் இரண்டு வகையும் கலந்திருக்கலாம் என்பதால் ஒரு பொட்டை மட்டும் எடுக்காமல் பலவற்றை எடுத்துச் சோதிப்போம். பி.சி.ஆர். முறையில் பரம்பரையலகையே தேடுவதும் உண்டு, விரைவாக விடை வரும். ஆனால் சில கிருமிகளில் அந்தச் செருகல் இருந்தும் எழுத்து ஒன்று கெட்டுப்போய் நஞ்சு வராது. அங்கே பி.சி.ஆர். உண்டு என்று சொல்லும், எலெக் இல்லை என்று சொல்லும். எலெக்கின் சொல்தான் நோயாளியின் உடம்புக்குப் பொருந்துவது. அறிக்கை தந்தவர்களிடம் பல பொட்டுகள் பார்த்தார்களா, கூட வைத்த கிருமி சரியாக வேலை செய்ததா என்று தாராளமாகக் கேளுங்கள். நல்ல ஆய்வுகூடம் அந்தக் கேள்விக்குக் கோபப்படாது.

நாளைக்கு நஞ்சு பழகுமா? தானாகப் பழகாது. அந்த 1,700 எழுத்தைக் கிருமியால் தானே எழுதிக்கொள்ள முடியாது. நஞ்சு வைரசைச் சுமந்த இன்னொரு கிருமி அதே புண்ணுக்கோ அதே தொண்டைக்கோ வந்து, அதிலிருந்து வைரசு வெளிப்பட்டு, தம்பியின் கிருமிக்குள் நுழைந்து, அதைக் கொல்லாமல் தங்க வேண்டும். ஆய்வுகூடத்தில் நடப்பது மனிதரிலும் நடக்கலாம். ஆனால் 1961இல் முக்கூட்டு ஊசி தொடங்கிய எங்கள் நாட்டில் நஞ்சுக் கிருமியே அரிதாகிவிட்டது. குளிசையால் புண்ணிலிருந்து கிருமி போய்விட்டால் தங்குவதற்கு வீடே இல்லை. குளிசை முடிந்த பிறகு ஒருமுறை திரும்பப் பஞ்சு தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

தடுப்பூசியைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அது கிருமிக்கு எதிரானது அல்ல, நஞ்சுக்கு எதிரானது. நஞ்சை எடுத்து அதன் கொல்லும் தன்மையைப் போக்கிச் செய்த மருந்து. ஊசி போட்ட ஒருவரின் தொண்டையிலோ புண்ணிலோ கிருமி குடியிருக்கலாம், ஆனால் அது கக்கும் நஞ்சு கலத்தைப் பிடிக்குமுன் குருதியில் உள்ள எதிர்ப்புரதம் பிடித்துக்கொள்ளும். அந்தப் பாதுகாப்பு வருடம் போகப்போகக் குறையும். அதனால்தான் 18 மாதத்திலும் 5 வயதிலும் பாடசாலையில் தரம் 7இலும் திரும்பப் போடுகிறார்கள். இடம்பெயர்ந்த வருடங்களில் தம்பிக்குத் தரம் 7 ஊசி தவறியிருக்கலாம். வன்னியில் அந்த வயதுப் பிள்ளைகள் பலருக்கு அட்டையே இல்லை. வீட்டில் அட்டை கிடைக்காவிட்டால் போடவில்லை என்றே எடுத்துக்கொண்டு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டுப் போட்டுக்கொள்ளட்டும்.

வீட்டில் யாருக்காவது தொண்டை நோ வந்தால் ரோர்ச் அடித்துப் பாருங்கள். சாதாரணத் தொண்டைப் புண்ணில் காய்ச்சல் கடுமையாக இருக்கும், ரொன்சில் சதையில் மஞ்சளாகச் சீழ்ப்பொட்டுகள் தனித்தனியாக இருக்கும். காய்ச்சல் குறைவாக இருந்தும் பிள்ளை வாடிக்கிடந்தால், சாம்பல் படலம் சதையைத் தாண்டி அண்ணத்துக்கோ உண்ணாக்குக்கோ போயிருந்தால், கழுத்து இரண்டு பக்கமும் வீங்கியிருந்தால், துணியாலோ கரண்டியாலோ தொட்டுப் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். காலில் புண் உள்ள தம்பியின் கதையையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக அம்மம்மாவுக்கு. இதைப் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டுங்கள். அவருடைய அண்ணனின் இதயத்தில் நஞ்சு இறங்கியது முதல் வாரத்தில், தொண்டையில் படலம் இருந்த நாட்களில். அதன் பிறகு நடந்தது எல்லாம் அந்த நாட்களின் பாக்கி. அப்படிக் கெட்ட இதயம் படுத்திருக்கும்போதும் நின்றுவிடும், நித்திரையிலும் நின்றுவிடும். ஓடாமல் வைத்திருந்தால் நல்லது என்று இன்றைக்கு எங்களுக்குத் தெரியும். இரண்டு மூன்று வாரம் கட்டிலை விட்டு இறங்க விடாமல், நாளுக்கு நாள் இதயத் துடிப்பின் வரைபடம் எடுத்துப் பார்க்கிறோம். அப்படியும் சிலரை இழக்கிறோம். 1954இல் அந்தக் கிராமத்தில் அது யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. தகப்பனின் வண்டிலைக் கண்டு அண்ணனைக் கூப்பிட்ட ஐந்தாறு வயதுப் பிள்ளையின் குரல் எதையும் நிறுத்தவில்லை.